பெயிண்ட் விற்பனையில் ஏரியா டார்கெட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயிண்ட் கம்பெனிகளின் ஏரியா மேனேஜர்களும் கடை கடையாக ஏறி இறங்கும் பிரதிநிதிகளும் ஏப்ரல் நெருங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. விளக்கத்துக்காக மதுரை டிப்போவின் கீழ் நான்கு ஏரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மதுரை, திண்டுக்கல்–தேனி, விருதுநகர், சிவகங்கை–ராமநாதபுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. விற்பனை எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. பண்டிகைத் தேதிகளும் மழை விவரமும் நிஜம்.

எல்லோருக்கும் போன வருஷத்தைவிட 12 சதவீதம் கூடுதல் என்று போட்டுவிட்டால் என்ன தப்பு? சமம்தானே?

சதவீதம் சமம், சுமை சமமில்லை. போன வருஷம் விருதுநகர் 218 லட்சம் விற்றது, சிவகங்கை–ராமநாதபுரம் 104 லட்சம் விற்றது என்று வையுங்கள். 12 சதவீதம் ஏற்றினால் முதலாமவருக்கு 244, இரண்டாமவருக்கு 116.5 வரும்.

இப்போது கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். விருதுநகரின் 218-ல் 18 லட்சம் ஒரு கல்லூரி விடுதிக்குப் போன ஒரே ஆர்டர். அந்தக் கட்டடத்துக்கு அடுத்த ஐந்தாறு வருஷத்துக்குப் பெயிண்ட் தேவைப்படாது. ராமநாதபுரம் பக்கமோ நான்கு மாதம் ஆளே இல்லாமல் கிடந்த ஏரியா. போன வருஷம் அதிர்ஷ்டம் அடித்தவர் இந்த வருஷம் அதற்கு அபராதம் கட்டுகிறார். காலியாகக் கிடந்த ஏரியாவுக்கு வருகிறவர் சும்மா இருந்தாலே இன்சென்டிவ் வாங்குகிறார். பழைய எண்ணில் என்ன விபத்து நடந்திருந்தாலும் அதை அப்படியே பெரிதாக்கித் தருவதுதான் ஒரே சதவீதம் என்கிற முறை.

இதில் இன்னொரு கெடுதல் உண்டு. நன்றாக விற்றால் அடுத்த வருஷம் தலையில் ஏறும் என்று தெரிந்துவிட்டால், பிப்ரவரியில் டார்கெட்டை முடித்த பிரதிநிதி மார்ச் ஆர்டரை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

போன வருஷ விற்பனை சிஸ்டத்திலேயே இருக்கிறது. அதில் திருத்த என்ன இருக்கிறது?

சிஸ்டத்தில் இருப்பது டிப்போவிலிருந்து டீலருக்குப் போன பில். சுவருக்குப் போன பெயிண்ட் அல்ல. அதோடு, அந்த எண்ணில் அந்த வருஷத்துக்கு மட்டுமே உரிய சங்கதிகளும் கலந்திருக்கும். பெரும்பாலும் மூன்றைக் கவனித்தால் போதும்.

முதலாவது, மேலே சொன்ன மாதிரி திரும்ப வராத பெரிய ஆர்டர்கள். கழித்துவிடுங்கள். விருதுநகர் 200 ஆகிறது. இந்த வருஷமும் அப்படி ஒரு ஆர்டர் வந்தால் அதைத் தனியாக எண்ணி, அதற்குத் தனி இன்சென்டிவ் கொடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆள் இல்லாத மாதங்கள். ராமநாதபுரம் ஏரியாவில் ஆள் இருந்த எட்டு மாதமும் சராசரியாகப் பத்துப் பத்து லட்சம், இல்லாத நான்கு மாதமும் ஆறு ஆறு லட்சம் என்றால் மொத்தம் 104. ஆள் இருந்திருந்தால் 120. அடிப்படை எண் 120-தான். ஆனால் காலியாக இருந்த மாதங்கள் எவை என்று பாருங்கள். அவை இயல்பாகவே மந்தமான மழை மாதங்களாக இருந்தால், மாதம் பத்து என்று நிரப்புவது அதிகம். முந்தைய வருஷங்களில் அதே மாதங்களில் எவ்வளவு போயிற்று என்பதை வைத்து நிரப்புங்கள்.

மூன்றாவது, மார்ச் கடைசி வாரத்தில் டீலர் குடோனில் ஏற்றிய சரக்கு. ஒவ்வொரு மார்ச்சும் ஒரே அளவு ஏற்றினால் வருஷ மொத்தம் கெடாது, மாதப் பங்குதான் கெடும். ஒரு வருஷம் மட்டும் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் மொத்தமே பொய். கண்டுபிடிப்பது சுலபம்: மார்ச்சில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாங்கிய டீலர் ஏப்ரல், மே மாதங்களில் என்ன வாங்கினார் என்று பாருங்கள். ஒன்றும் வாங்கவில்லை, அல்லது திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் போயிருக்கிறது என்றால், அது விற்பனை அல்ல.

விலை ஏற்றமும் உண்டு. ரூபாயோடு லிட்டர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தன்னால் தெரிந்துவிடும்.

ஒரு ஏரியாவில் எவ்வளவு போகும் என்று எப்படிச் சொல்ல முடியும்? யூகம்தானே?

யூகம்தான், ஆனால் கடை கடையாகப் போட்ட யூகம். மக்கள்தொகையை மட்டும் நம்பாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தில் 13.39 லட்சம் பேர், தேனியில் 12.46 லட்சம் பேர். தலை எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளும், வெளிநாட்டுப் பணத்தில் எழும்பும் புது வீடுகளும் தலை எண்ணிக்கையில் தெரியாது. தவிர, அந்தக் கணக்கு எடுத்து எத்தனை வருஷமாகிறது! திருமங்கலம் பக்கமும் திண்டுக்கல் பைபாஸ் ஓரமும் அதற்குப் பிறகு முளைத்த வீட்டுமனைகள் அதில் கிடையாது.

கடைக் கணக்கு எடுப்பதுதான் உருப்படியான வழி. ஏரியாவில் பெயிண்ட் விற்கும் எல்லாக் கடைகளையும் பட்டியல் போடுங்கள். நம் டீலர்கள் மட்டுமல்ல, நம்மிடம் வாங்காத ஹார்டுவேர் கடைகளும் சேர்த்து. ஒவ்வொரு கடையிலும் எல்லாக் கம்பெனியும் சேர்த்து மாதம் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். டீலர் சொல்வதை அப்படியே எழுத வேண்டாம். கிரெடிட் லிமிட் கூட்டக் கேட்பவர் பெரிதாகச் சொல்வார், வருமான வரிக்குப் பயப்படுபவர் சிறிதாகச் சொல்வார். கடையில் எத்தனை கம்பெனியின் டின்டிங் மெஷின் நிற்கிறது, மாதம் எத்தனை மூட்டை புட்டி இறங்குகிறது, அந்தத் தெருவில் வேலை செய்கிற பெயிண்டர் மேஸ்திரிகள் எந்தக் கடையில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். சரிபார்க்க ஒரு வழி: அந்த ஏரியாப் பிரதிநிதி எழுதிய பட்டியலில் பத்துக் கடையைப் பக்கத்து ஏரியாக்காரரை விட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். தன் ஏரியாவைச் சிறிதாகக் காட்டுவதில் யாருக்கும் ஆசை உண்டு.

கிடைத்த மொத்தத்தில் நம்மால் தொடவே முடியாததைக் கழியுங்கள். வேறு கம்பெனியின் சரக்கை மட்டுமே விற்கும் கடை, ஏற்கெனவே நமக்குப் பாக்கி வைத்து முடங்கிப்போன கடை, டிப்போ வண்டி வாரம் ஒருமுறைகூடப் போகாத ஊர், இவையெல்லாம் காகிதத்தில் மட்டும்தான் மார்க்கெட்.

அப்படியானால் மார்க்கெட் அளவுக்கு ஏற்பவே டார்கெட்டைப் பிரித்துவிடலாமே?

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நம் நான்கு ஏரியாவிலும் தொடக்கூடிய மார்க்கெட் 6,600 லட்சம், அதில் சிவகங்கை–ராமநாதபுரம் 1,500 என்று வையுங்கள், கிட்டத்தட்ட 23 சதவீதம். டிப்போவின் புது டார்கெட் 1,120 லட்சம். மார்க்கெட் பங்கின்படி பிரித்தால் அந்த ஒரு ஏரியாவுக்கு 254 லட்சம் வரும், இப்போது விற்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டீலர் பிடிப்பதும், மெஷின் போடுவதும், மேஸ்திரிகள் நம் சரக்குக்குப் பழகுவதும் ஒரு வருஷத்தில் நடக்கிற காரியமில்லை. அந்தப் பிரதிநிதி ஜூன் மாதமே கையைக் கழுவிவிடுவார். மதுரைக்காரருக்கோ போன வருஷத்தைவிடக் குறைவாக டார்கெட் வரும்.

எனக்குச் சரியாகப் படுவது இது: கையில் இருக்கும் விற்பனையைத் தொடாதீர்கள், புதிதாக வர வேண்டியதை மட்டும் பங்கிடுங்கள். திருத்திய அடிப்படை 1,000 லட்சம், டார்கெட் 1,120, ஆக 120 லட்சம் பங்கிட வேண்டும். அதை இரண்டாக வெட்டலாம். மார்க்கெட்டே இந்த வருஷம் 6 சதவீதம் வளரும் என்று எதிர்பார்த்தால் அந்த 60 லட்சம் எல்லோருக்கும் அவரவர் அடிப்படையில் 6 சதவீதம். இது இருக்கிற இடத்தைத் தக்கவைப்பதற்கு. மீதி 60 லட்சத்தைப் போட்டிக் கம்பெனிகளிடமிருந்து பிடுங்க வேண்டும். அதை, நம் கைக்கு இன்னும் வராத மார்க்கெட் எங்கே எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

| ஏரியா | அடிப்படை | மார்க்கெட் | கைக்கு வராதது | 6% வளர்ச்சி | பிடுங்க வேண்டியது | டார்கெட் |
|---|---|---|---|---|---|---|
| மதுரை | 420 | 2,100 | 1,680 | 25.2 | 18.0 | 463.2 |
| திண்டுக்கல்–தேனி | 260 | 2,000 | 1,740 | 15.6 | 18.6 | 294.2 |
| விருதுநகர் | 200 | 1,000 | 800 | 12.0 | 8.6 | 220.6 |
| சிவகங்கை–ராமநாதபுரம் | 120 | 1,500 | 1,380 | 7.2 | 14.8 | 142.0 |

எல்லாம் லட்சத்தில். மதுரையும் விருதுநகரும் ஏற்கெனவே மார்க்கெட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தவை, அவற்றுக்கு 10 சதவீதம் சொச்சம் ஏறுகிறது. நம் பங்கு வெறும் 8 சதவீதமாக இருக்கும் ராமநாதபுரம் பக்கம் 18 சதவீதம் ஏறுகிறது. விருதுநகர்க்காரருக்கு 244-க்குப் பதிலாக 220.6 வந்திருப்பதைப் பாருங்கள்.

பாதிக்குப் பாதி என்பது வேதவாக்கு அல்ல. கடைக் கணக்கு முதல் தடவையாக எடுத்தது, அரைகுறை நம்பிக்கைதான் என்றால் மார்க்கெட் வழிப் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் ராமநாதபுரத்துக்குப் புதிதாகப் போகிறேன். பில் கணக்கில் 104-லிருந்து 142 என்றால் 36 சதவீதம். இது நியாயமா?

ஏரியாவுக்கு நியாயம், உங்களுக்கு முதல் காலாண்டில் நியாயமில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏரியாவின் டார்கெட் 142 என்றே இருக்கட்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் அந்தந்த மாத டார்கெட்டில் ஒரு பகுதியை மட்டும் அவர் இன்சென்டிவ் கணக்கில் வைப்பது வழக்கம், 60, 75, 90 சதவீதம் என்கிற மாதிரி. குறைகிற தொகை மேனேஜர் கணக்கில் நிற்க வேண்டும், மற்ற மூன்று பேர் தலையில் அல்ல. சேரும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வருஷ டார்கெட்டைப் பன்னிரண்டால் வகுத்து மாத டார்கெட் போடுகிறார்கள். பரவாயில்லையா?

இன்சென்டிவ் வருஷத்துக்கு ஒருமுறை என்றால் தொலைகிறது. மாதாமாதம் என்றால் கூடாது.

தீபாவளி ஒரு வருஷம் அக்டோபர், ஒரு வருஷம் நவம்பர் என்று மாறுகிறதே. மாதப் பங்கை எப்படிப் போடுவது?

பெயிண்ட் வியாபாரத்தில் மாத டார்கெட் தப்பாகப் போவதற்கு இதுதான் பெரிய காரணம். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. வீட்டுக்கு அடிக்கிற வேலை பண்டிகைக்கு முன் முடிந்தாக வேண்டும், டீலர் அதற்கும் முன்னால் சரக்கு எடுப்பார். பண்டிகைக்கு முந்தைய 28 நாளை வேட்டைக் காலம் என்று வைத்தால், 2024-ல் அது முழுக்க அக்டோபருக்குள் அடங்கியது. 2025-ல் செப்டம்பர் 22-லேயே தொடங்கியது, அதாவது 9 நாள் செப்டம்பரில், 19 நாள் அக்டோபரில். 2026-ல் அக்டோபர் 11-ல்தான் தொடங்கும்: 21 நாள் அக்டோபர், 7 நாள் நவம்பர்.

ஆகவே 2025 செப்டம்பரைப் பார்த்து 2026 செப்டம்பர் டார்கெட் போட்டால் அந்த மாதம் எல்லோரும் தோற்பார்கள், நவம்பரில் எல்லோரும் சும்மாவே ஜெயிப்பார்கள். செய்ய வேண்டியது, சாதாரண நாள் விற்பனையையும் பண்டிகைக்காகக் கூடுதலாக வருவதையும் பிரிப்பது. ஒரு ஏரியாவில் அந்த 28 நாளில் வழக்கத்துக்கு மேல் 8.4 லட்சம் வந்தது என்றால் நாளொன்றுக்கு 30,000 ரூபாய். 2025-ல் அதில் 2.7 லட்சம் செப்டம்பரிலும் 5.7 அக்டோபரிலும் விழுந்திருக்கும். 2026-க்கு 6.3 அக்டோபருக்கு, 2.1 நவம்பருக்கு. பழைய மாதங்களிலிருந்து பண்டிகைக் கூடுதலை உருவி எடுத்துவிட்டு, மீதியில் மாதப் பங்கைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தக் கூடுதலைப் புது தேதிப்படி திரும்பப் போடுங்கள்.

நாள் கணக்கைச் சமமாகப் பரப்புவது ஒரு வசதிக்குத்தான். நிஜத்தில் டீலர் முதல் பத்து நாளில் நிறைய எடுப்பார், கடைசி வாரம் துண்டு துண்டாக எடுப்பார். தேதிவாரி பில் கையில் இருந்தால் அதையே வைத்துப் பரப்புங்கள். இன்னொன்று, 2026-ல் வேட்டைக் காலத்தின் பின்பாதி வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. ஈரச் சுவரில் எக்ஸ்டீரியர் ஓடாது. எக்ஸ்டீரியர், இன்டீரியர் இரண்டுக்கும் மாதப் பங்கைத் தனித்தனியாகப் போட்டால் இது பிடிபடும்.

பொங்கலில் இந்தத் தொல்லை இல்லை, ஜனவரி 14 அல்லது 15. டிசம்பர் பாதியிலிருந்தே சரக்கு போகத் தொடங்கும்.

ஆடியில் வியாபாரமே இருக்காது. அந்த மாத டார்கெட்டைக் குறைக்கச் சொல்லலாமா?

சொல்வதற்கு முன் உங்கள் பில்லைப் பாருங்கள். ஆடியில் புதுமனை புகுவதில்லை என்பது சரி. ஆனால் ஆவணியில் குடிபோகிற வீட்டுக்கு ஆடியில்தானே பெயிண்ட் அடித்தாக வேண்டும்? மார்கழிக்கும் தைக்கும் உள்ள உறவும் இதுவே. குறைவது, சுப காரியத்துக்காகப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை. ஆக, புது வீடு நிறைய எழும்புகிற ஏரியாவில் ஆடி அவ்வளவு மோசமாக இருக்காது, பழைய ஊர்களில் நிஜமாகவே படுத்துவிடும். நான்கு ஏரியாவுக்கும் ஒரே மாதப் பங்கு போடக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் பள்ளிக் கட்டடங்களுக்கு அடிக்கிற வேலையும் எல்லா ஏரியாவிலும் ஒரே அளவு கிடையாது.

எத்தனை வருஷச் சராசரி எடுக்க வேண்டும்?

மூன்று போதும். ஐந்துக்கு மேல் போனால் அன்றைய டீலர் வரிசையும் இன்றையதும் ஒன்றாக இருக்காது. விபத்து மாதங்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தூத்துக்குடி ஏரியாவுக்கு அந்த டிசம்பரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த மாதத்தின் பங்கு அநியாயத்துக்குக் குறையும், அதற்குப் பிறகு வந்த பழுதுவேலைகள் ஜனவரியைத் தூக்கிவிடும். இரண்டையும் விட்டுவிட்டு மற்ற வருஷங்களை வைத்து நிரப்புங்கள்.

மேலிடம் 1,120 சொன்னால் எங்களுக்கு வரும்போது அது எப்படி இன்னும் பெரிதாகிறது?

ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று 5 சதவீதம் கூட்டுகிறார். மூன்று மேஜை தாண்டினால் கிட்டத்தட்ட 16 சதவீதம். 1,120 என்பது 1,296 ஆகிவிடும். 12 சதவீத வளர்ச்சி என்று கிளம்பியது கடைக்காரரிடம் போய் நிற்கும்போது 30 சதவீதம். மேலே யாரும் 30 கேட்கவே இல்லை.

கூட்டல் வேண்டும் என்றால் ஒரே இடத்தில், ஒரே ஒரு தடவை, எல்லோருக்கும் தெரியும்படி கூட்டட்டும். ஏரியாக்களின் டார்கெட்டைக் கூட்டிப் பார்த்து டிப்போ டார்கெட்டோடு ஒப்பிடும் உரிமையைப் பிரதிநிதிகளுக்குக் கொடுத்தால் இந்த வித்தை தானாக நின்றுவிடும்.

வருஷ நடுவில் டார்கெட்டை மாற்றலாமா?

எந்தெந்தக் காரணத்துக்கு மாற்றுவோம் என்று ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்தால் மாற்றலாம். ஏரியாவைப் பிரிப்பது, பெரிய டீலர் கடையை மூடுவது, வெள்ளம், ஒரு சரக்கு டிப்போவிலேயே ஒரு மாதத்துக்கு மேல் இல்லாமல் போவது, இவை நியாயமான காரணங்கள். ஒருவர் நன்றாக விற்கிறார் என்பது காரணம் ஆகாது. செப்டம்பரில் முந்திப் போகிறவருக்கு அக்டோபரில் டார்கெட்டை ஏற்றினால் அதற்கு அடுத்த வருஷம் யாரும் செப்டம்பரில் முந்த மாட்டார்கள்.

போட்ட டார்கெட் நியாயமாகத்தான் இருந்ததா என்று வருஷக் கடைசியில் எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வருஷச் சாதனை சதவீதத்தை ஏரியாவாரியாகவும் ஆள்வாரியாகவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆள் மாறியும் ஒரே ஏரியா எப்போதும் 115-லும் இன்னொன்று எப்போதும் 80-லும் நின்றால், அது ஆளின் திறமை அல்ல, டார்கெட்டின் கோளாறு. ஆள் எங்கே மாற்றலாகிப் போனாலும் அவரோடு அந்த எண்ணும் போனால், அது ஆள் சம்பந்தப்பட்டது. அந்த ஏரியாவின் டார்கெட்டைத் தொட வேண்டாம்.

அடுத்து, எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் 90-க்கும் 110-க்கும் நடுவில் இருந்தால் சரி. எல்லோருமே 100-ஐத் தொட்டுவிட்டார்கள் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் மார்ச் பில்லைத் திறந்து, மாதக் கடைசி நான்கு நாளில் எவ்வளவு போயிருக்கிறது, டீலர் கையில் எத்தனை நாள் சரக்கு நிற்கிறது என்று எண்ணுங்கள். வழக்கமாக முப்பது நாள் சரக்கு வைக்கிற டீலரிடம் அறுபது நாள் சரக்கு இருந்தால், 100 சதவீதத்தில் ஒரு பங்கு இன்னும் குடோனில்தான் இருக்கிறது. அதைக் கழித்த எண்ணைத்தான் அடுத்த வருஷ அடிப்படைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.